நூறு மில்லி நிறைய எத்தனை விநாடி?

எங்கள் ஆய்வகத்தில் சன்னலோரமாக ஒரு பித்தளைக் குழாய் கிடைமட்டமாகப் பொருத்தப்பட்டிருக்கிறது. அதன் உள்விட்டம் 4 மில்லிமீட்டர். ஒரு முனை மேலே இருக்கும் தொட்டியோடு இணைந்திருக்கும். தொட்டியின் நீர்மட்டம் ஏறாமல் இறங்காமல் நிற்பதற்காக அதில் ஒரு வழிவாய் வைத்திருக்கிறோம். மறுமுனையில் ஒரு சின்ன வால்வு. அதைத் திருகி வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். குழாயின் முதுகில் ஒரு மீட்டர் இடைவெளியில் இரண்டு ஊசித் துளைகள் உண்டு. அவற்றிலிருந்து இரண்டு பிளாஸ்டிக் ட்யூப்கள் ஏறி மேனோமீட்டரின் இரண்டு கண்ணாடிக் கால்களுக்குப் போகின்றன. அந்தக் கால்களில் நிற்கும் நீர்மட்டங்களின் வித்தியாசம்தான், அந்த ஒரு மீட்டர் தூரத்தைக் கடக்க நீர் செலவழித்த அழுத்தம்.

இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி ஒரு நாள் பிற்பகல் இந்தப் பரிசோதனையைச் செய்துகொண்டிருந்தாள். வால்வைக் கொஞ்சமாகத் திறந்தாள். 100 மில்லி நீர் சேர 40 விநாடி ஆனது. மேனோமீட்டரில் வித்தியாசம் 33 மில்லிமீட்டர். இன்னும் கொஞ்சம் திறந்தாள். 20 விநாடியில் 100 மில்லி, வித்தியாசம் 65 மில்லிமீட்டர். வேகம் இரண்டு மடங்கு, இழப்பும் இரண்டு மடங்கு. அடுத்து 10 விநாடியில் 100 மில்லி சேரும்படி வைத்தாள். வேகம் மறுபடியும் இரண்டு மடங்கு ஆகிவிட்டதால் 130 வரும் என்று முன்கூட்டியே நோட்டில் பென்சிலால் குறித்தும் வைத்துவிட்டாள். மேனோமீட்டர் காட்டியது 320க்கும் மேல்.

"சார், ட்யூப்ல காத்து அடைச்சிருக்கு போல. ரீடிங் தப்பா வருது" என்றாள்.

காற்று அடைக்கவில்லை. நீரும் அதேதான், குழாயும் அதேதான். 20 விநாடிக்கும் 10 விநாடிக்கும் நடுவே எங்கோ குழாய்க்குள் ஓட்டத்தின் சுபாவமே மாறிவிட்டது. பித்தளை என்பதால் உள்ளே நடந்தது கண்ணுக்குத் தெரியவில்லை. மேனோமீட்டருக்குத் தெரிந்துவிட்டது.

உள்ளே என்ன நடந்தது என்பதைக் கண்ணால் பார்க்க வழி செய்தவர் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ். 1842இல் பெல்ஃபாஸ்ட் நகரில் பிறந்தவர். 1868 முதல் மான்செஸ்டரின் ஓவன்ஸ் கல்லூரியில் பொறியியல் பேராசிரியர். அவர் 1883இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இன்றும் படிக்கத் தகுந்தது. பக்கங்கள் கண்ணாடியாலான 6 அடி நீளத் தொட்டி ஒன்றை அவர் வைத்துக்கொண்டார். அதற்குள் ஒரு கண்ணாடிக் குழாயைப் படுக்க வைத்தார். நீர் சலனமில்லாமல் நுழையட்டும் என்று குழாயின் வாயில் நாதஸ்வரத்தின் அணைசுபோல் விரிந்த ஒரு மரப் புனலைப் பொருத்தினார். அந்தப் புனலின் நடுவே மெல்லிய இழையாகச் சாயத்தை விட்டார். தொட்டி நீரை மணிக்கணக்கில் அமைதியாக நிற்க விட்டு, பிறகு நீண்ட நெம்புகோல் ஒன்றால் வால்வை மெல்லத் திறந்தார்.

வேகம் குறைவாக இருந்தவரை சாயம் ஒரே கோடாகக் குழாயின் நீளம் முழுவதும் ஓடியது. கண்ணாடிக்குள் வண்ண நூலை இழுத்துக் கட்டியதுபோல அசையாமல் நின்றது. வேகம் கூடக் கூட, ஒரு கட்டத்தில், நுழைவாயிலிலிருந்து கொஞ்சம் தள்ளி அந்த நூல் சட்டென்று கலைந்து, குழாய் முழுவதும் நிறம் பரவியது. வேகம் படிப்படியாகக் கூடும்போது கலைதலும் படிப்படியாக வரும் என்றுதானே நாம் எதிர்பார்ப்போம்? அப்படி வரவில்லை. கலங்கிய பகுதியை மின்பொறியின் கண நேர வெளிச்சத்தில் பார்த்தபோது, பரவிய நிறமாகத் தெரிந்தது உண்மையில் தெளிவான சுருள்களும் சுழிகளும்தான் என்பது தெரிந்தது. முதல் வகையை அவர் நேர் ஓட்டம் என்றார். இரண்டாவதை நெளிவு ஓட்டம் என்றார். இன்று நாம் முதலாவதை லாமினார் என்கிறோம், பள்ளிப் பாடநூல் வரிச்சீர் ஓட்டம் என்கிறது. இரண்டாவது டர்புலன்ட், பாடநூலில் சுழற்சி ஓட்டம்.

மாணவர்கள் பலர் இந்தச் சாயப் பரிசோதனையோடு ரெனால்ட்ஸை விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது அதே கட்டுரையின் அடுத்த பாதி. அதற்குப் போகும் முன், நீர் ஏன் இப்படிக் கட்சி மாறுகிறது என்பதைப் பார்த்துவிடலாம்.

குழாய்ச் சுவரை ஒட்டிய நீர் நகர்வதில்லை, சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கு அடுத்த அடுக்கு மெல்ல நகர்கிறது, அதற்கடுத்தது இன்னும் கொஞ்சம் வேகமாக, நடுவில் இருப்பது எல்லாவற்றையும்விட வேகமாக. ஒவ்வோர் அடுக்கும் பக்கத்து அடுக்கை இழுத்துப் பிடிக்கிறது. இந்தப் பிடிதான் பாகுநிலை. இந்த அடுக்குகளில் ஒன்றிலிருந்து ஒரு துளி நீர் ஏதோ ஓர் அதிர்வால் பக்கவாட்டில் கொஞ்சம் விலகுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு இரண்டு கதிகள் உண்டு. சுற்றியிருக்கும் நீர் அதைப் பிடித்து இழுத்து, மற்றவற்றோடு சேர்ந்து போக வைத்துவிடலாம். அல்லது அந்தத் துளி தன் வேகத்தின் உந்தத்தால் பிடியை மீறிப் பக்கத்து அடுக்குக்குள் புகுந்து, அங்கும் கலகத்தைக் கிளப்பலாம். மீறிப்போகும் உந்தத்துக்கும் இழுத்துப் பிடிக்கும் பாகுநிலைக்கும் உள்ள விகிதமே ரெனால்ட்ஸ் எண். சராசரி வேகத்தைக் குழாயின் விட்டத்தால் பெருக்கி, நீர்மத்தின் பாகியல் எண்ணை அடர்த்தியால் வகுத்து வரும் அளவால் வகுத்தால் கிடைத்துவிடும்.

Re = V D / ν

அலகுகள் எல்லாம் அடிபட்டு வெறும் எண் மிஞ்சுகிறது. இந்த எண்ணின் முக்கியத்துவத்தை நிலைநாட்டியவர் ரெனால்ட்ஸ்தான். ஆனால் அவர் பெயரை அதற்குச் சூட்டியது ஜெர்மனியின் சோமர்ஃபெல்ட், 1908இல்.

மாணவியின் குழாய்க்கு இதைப் போட்டுப் பார்ப்போம். 20 விநாடியில் 100 மில்லி என்றால் விநாடிக்கு 5 மில்லி. 4 மில்லிமீட்டர் துளையின் பரப்பால் வகுத்தால் வேகம் விநாடிக்கு 0.4 மீட்டர். 30 டிகிரி வெப்பத்தில் நீருக்கு ν சுமார் 0.0000008 சதுர மீட்டர் / விநாடி. அப்படியானால் ரெனால்ட்ஸ் எண் 2000. 40 விநாடி எடுத்தபோது அது 1000. 10 விநாடி எடுத்தபோது 4000. அவள் கண்ட குதிப்பு 2000க்கும் 4000க்கும் நடுவே நடந்திருக்கிறது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். 2000 அல்லது 2300 என்று பாடநூல் சொல்வதைக் கேட்டு, அந்த எண்ணைத் தொட்டதும் ஓட்டம் தானாகக் கலங்கிவிடும் என்று மாணவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். ரெனால்ட்ஸின் சொந்தத் தொட்டியிலேயே, நீரைப் போதுமான அளவு அமைதியாக நிற்க விட்டபோது, சாயக்கோடு ஏறக்குறைய 13,000 வரை கலையாமல் ஓடியது. சுமார் ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு மான்செஸ்டரில் அதே கருவியில் அதே பரிசோதனையைச் செய்தவர்களால் அந்த உயரத்தைத் தொட முடியவில்லை. தெருவில் போகும் வாகனங்களின் அதிர்வு போதும், அதற்கு முன்பே கலைந்துவிடுகிறது. ஆக, மேல் எல்லை என்பது நீரைவிட நம் கவனத்தைப் பொறுத்தது. நுழைவாய் எவ்வளவு வழவழப்பு, தொட்டி எவ்வளவு அமைதி, மேசை எவ்வளவு ஆட்டமில்லாதது என்பதைக் கொண்டு அது ஏறும், இறங்கும்.

கீழ் எல்லையின் கதை வேறு. அதற்குக் கீழே நீரை எவ்வளவு கலக்கி அனுப்பினாலும் குழாயில் போகப்போக அது தானே அடங்கி வரிசைக்கு வந்துவிடும். 2000 என்று சொல்வது இந்த எல்லையைத்தான். இதைத் துல்லியமாகச் சொல்ல முடிந்தது மிக அண்மையில்தான். 2011இல் வெளியான ஓர் ஆய்வில் 4 மில்லிமீட்டர் உள்விட்டமும் 15 மீட்டர் நீளமும் கொண்ட கண்ணாடிக் குழாயைப் பயன்படுத்தினார்கள். இந்த வேகங்களில் கலக்கம் குழாய் முழுவதையும் ஒரேயடியாகப் பிடிப்பதில்லை. திட்டுத் திட்டாக, நடுநடுவே அமைதியான நீரோடு, ஓட்டத்தில் மிதந்து போகிறது. ஒரு திட்டு சில நேரம் அழிந்துபோகும், சில நேரம் இரண்டாகப் பிரியும். அழிவதைவிடப் பிரிவது முந்திக்கொள்ளும் இடத்தில்தான் கலக்கம் நிரந்தரமாகிறது. அந்த இடம் 2040.

இந்தத் திட்டுகளை எங்கள் பித்தளைக் குழாயிலும் பார்க்கலாம், சாயமே வேண்டாம். 100 மில்லிக்கு 15 விநாடி ஆகும்படி வால்வை வைத்தால் மேனோமீட்டர் ஓரிடத்தில் நிற்காது. ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். குழாயின் வாயில் விழும் நீர்த்தாரையைக் கவனித்தால் அதுவும் ஒரு கணம் கண்ணாடிக் குச்சிபோலப் பளபளத்து எட்டிப் பாயும், மறுகணம் மங்கிச் சற்றுக் கிட்டே விழும். கலங்கிய திட்டு ஒன்று குழாய்க்குள் இருக்கும்போது தடை கூடுகிறது, ஓட்டம் கொஞ்சம் மந்தமாகிறது. மந்தமானதும் புதிய திட்டு உருவாகாது. பழைய திட்டு வெளியேறியதும் தடை குறைந்து வேகம் கூடும், கூடியதும் அடுத்த திட்டு பிறக்கும். மாணவர்கள் இந்த அளவீட்டைக் கருவிக் கோளாறு என்று நினைத்து அடித்துவிடுவார்கள். நான் அதைச் சிவப்பு மையில் வட்டமிட்டு வைக்கச் சொல்வேன். அந்தப் பரிசோதனையில் அதைவிட உண்மையான அளவீடு வேறில்லை.

இப்போது ரெனால்ட்ஸ் கட்டுரையின் அடுத்த பாதிக்கு வருவோம். கண்ணாடிக்குள் நடப்பதைப் பார்த்தாயிற்று. நகரத்தின் குழாய்களோ உலோகம். உள்ளே எந்த ஓட்டம் என்று வெளியிலிருந்து எப்படிக் கண்டுபிடிப்பது? அவர் கால் அங்குலமும் அரை அங்குலமும் விட்டமுள்ள இரண்டு ஈயக் குழாய்களை எடுத்துக்கொண்டு, எங்கள் மாணவி செய்ததைத்தான் செய்தார். வேகத்தை மாற்றி மாற்றி அழுத்த இழப்பை அளந்தார். வேகத்தையும் இழப்பையும் மடக்கைகளாக்கி வரைபடத்தில் புள்ளி வைத்தார். புள்ளிகள் ஒரு நேர்கோட்டில் வந்து, ஓரிடத்தில் குழம்பி, பிறகு வேறொரு நேர்கோட்டில் போயின. முதல் கோட்டின் சாய்வு 1. இரண்டாவதன் சாய்வு 1.723.

சாய்வு 1 என்றால் இழப்பு வேகத்தின் ஒன்றாம் படிக்கு விகிதசமம். வேகம் இரட்டித்தால் இழப்பும் இரட்டிக்கும். சாய்வு 1.723 என்றால் வேகம் இரட்டிக்கும்போது இழப்பு 3.3 மடங்காகும். எங்கள் மாணவிக்கு ஐந்து மடங்கு வந்ததற்குக் காரணம், அவளுடைய மூன்றாவது அளவீடு ஒரு கோட்டிலிருந்து மறு கோட்டுக்குத் தாவியது. அந்தத் தாவலுக்கே தனியாக ஒரு விலை உண்டு. அவள் 5 விநாடிக்கு 100 மில்லி என்று இன்னொரு அளவீடு எடுத்திருந்தால் 320இலிருந்து ஏறக்குறைய 3.4 மடங்கு உயர்ந்து ஒரு மீட்டரைத் தாண்டியிருக்கும். எங்கள் மேனோமீட்டர் அவ்வளவு உயரமில்லை.

கலங்கிய ஓட்டத்துக்கு ஏன் இவ்வளவு செலவு? சுழிகள் சுழல்வதற்கு ஆற்றல் வேண்டும் என்பது வழக்கமான பதில். அது சரியானதுதான், ஆனால் சுவரைப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். லாமினார் ஓட்டத்தில் வேகம் சுவரிலிருந்து நடுவரை மெதுவாக, ஒரு பரவளைவாக ஏறுகிறது. நடுவின் வேகம் சராசரியைப்போல் இரண்டு மடங்கு. கலங்கிய ஓட்டத்தில் சுழிகள் நடுவிலிருக்கும் வேகமான நீரை அள்ளிச் சுவரோரம் கொண்டுபோய்ப் போடுகின்றன, சுவரோர மந்த நீரை நடுவுக்கு இழுத்து வருகின்றன. அதனால் குழாயின் பெரும்பகுதியில் வேகம் ஏறக்குறைய ஒன்றாகிவிடுகிறது. மொத்த ஏற்றமும் சுவரை ஒட்டிய மிக மெல்லிய படலத்துக்குள் நடந்தாக வேண்டும். மெதுவாக ஏறிய சாய்தளம் செங்குத்துப் படியாகிவிட்டது. உராய்வு என்பது சுவரில் அந்த ஏற்றம் எவ்வளவு செங்குத்து என்பதுதான்.

குழாயின் உட்புறச் சொரசொரப்புக்கும் இதிலேயே விடை இருக்கிறது. லாமினார் ஓட்டத்தில் சிறு மேடுபள்ளங்களை நீர் வழுக்கிக்கொண்டு சுற்றிப் போய்விடும், இழப்பில் அவை தெரியாது. கலங்கிய ஓட்டத்தில் துருவின் முட்கள் அந்த மெல்லிய படலத்தைத் துளைத்துக்கொண்டு நின்றால் ஒவ்வொரு முள்ளும் தடைதான். பழைய இரும்புக் குழாயில் இழப்பு வேகத்தின் இரண்டாம் படியை நெருங்குவது அதனால்தான். ரெனால்ட்ஸின் ஈயக் குழாய்கள் வழவழப்பானவை.

ஆய்வகத்து நான்கு மில்லிமீட்டரை விட்டுவிட்டு வயல்காட்டுக் குழாய் ஒன்றுக்குப் போவோம். கிணற்றடியிலிருந்து மேல்தொட்டி வரை 100 மீட்டர், உள்ளே வழவழப்பான பிவிசி குழாய், உள்விட்டம் 50 மில்லிமீட்டர், விநாடிக்கு 2 லிட்டர் நீர். வேகம் விநாடிக்கு 1.02 மீட்டர் வரும். ரெனால்ட்ஸ் எண் சுமார் 64,000. சந்தேகமில்லாமல் கலங்கிய ஓட்டம். இழப்பைக் கணக்கிட டார்சி–வைஸ்பாக் வாய்பாடு இரண்டு வகை ஓட்டத்துக்கும் பொது:

h = f (L/D) (V²/2g)

மாறுவது f என்ற உராய்வுக் கெழு மட்டும். லாமினாருக்கு f = 64/Re. வழவழப்பான குழாயில் கலங்கிய ஓட்டத்துக்கு, ரெனால்ட்ஸ் எண் 4000 முதல் ஒரு லட்சம் வரை, பிளாசியஸ் 1913இல் தந்த f = 0.316/Re^0.25 நன்றாகவே பொருந்தும்.

64,000க்குப் போட்டால் f ஏறக்குறைய 0.02. இழப்பு 2.1 மீட்டர். அதாவது தொட்டி தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அதற்கு மேல் இன்னும் 2.1 மீட்டர் உயரத்துக்கு ஏற்றுவதுபோல மோட்டார் உழைக்க வேண்டும். வளைவுகளும் வால்வுகளும் எடுத்துக்கொள்வது இதற்கு வெளியே, தனிக் கணக்கு.

விடைத்தாள்களில் நான் அடிக்கடி காணும் தவறு, இதே கணக்கில் யோசிக்காமல் 64/Re போடுவது. அப்போது f 0.001 ஆகிறது, இழப்பு 10.6 சென்டிமீட்டர் என்று விடை வருகிறது. உண்மையில் ஆவது இருபது மடங்கு. இந்த இருபது வெறும் பிழையின் அளவு மட்டும் இல்லை. அதே நீர் அதே வேகத்தில் கலங்காமல் போக முடிந்திருந்தால் சுவரோர ஏற்றம் எவ்வளவு சாய்வாக இருந்திருக்குமோ, அதைப்போல் இருபது மடங்கு செங்குத்தாக அது இப்போது நிற்கிறது என்று அதற்கு அர்த்தம்.

அதே குழாயில் ஓட்டம் லாமினாராக இருக்க வேண்டுமானால் எவ்வளவு மெதுவாகப் போக வேண்டும்? ரெனால்ட்ஸ் எண்ணை 2000 என்று வைத்துப் பின்னோக்கிக் கணக்கிட்டால் வேகம் விநாடிக்கு 3.2 சென்டிமீட்டர். குழாயின் வாயில் பத்து லிட்டர் பக்கெட்டை வைத்தால் நிறைய 2 நிமிடம் 40 விநாடி ஆகும். இரண்டு இன்ச் பைப்பில் இப்படி நீர் வந்தால் எந்த விவசாயியும் மோட்டாரை நிறுத்திவிட்டு ஃபுட் வால்வைப் பார்க்கப் போய்விடுவார். நாம் புழங்கும் குழாய்களில் நீர் கிட்டத்தட்ட எப்போதும் கலங்கித்தான் ஓடுகிறது. அந்த மெதுவான ஓட்டத்தில் 100 மீட்டருக்கு இழப்பு 3 மில்லிமீட்டர் சொச்சம். அதை எந்த மேனோமீட்டரில் படிப்பது? ஆய்வகத்தில் மெல்லிய குழாயைத் தேடிப் போவதற்குக் காரணம் இதுதான்.

செலவைக் குறைக்க 50க்குப் பதில் 40 மில்லிமீட்டர் குழாய் போட்டால்? நீரின் அளவு அதே 2 லிட்டர் என்றால் வேகம் 1.6 மீட்டராகிறது, இழப்பு 2.1இலிருந்து 6.1 மீட்டருக்கு ஏறிவிடுகிறது. விட்டம் ஐந்தில் ஒரு பங்குதான் குறைந்தது, இழப்போ மூன்று மடங்கை நெருங்கிவிட்டது. கூடுதலான அந்த 4 மீட்டர், வீட்டில் ஒரு மாடிக்கு மேல் நீரைத் தூக்குவதற்குச் சமம். உண்மையில் மோட்டார் அந்தக் கூடுதல் பாரத்தைச் சுமந்துகொண்டு அதே 2 லிட்டரைத் தராது, நீரைக் குறைத்துவிடும். "பழைய மோட்டார் நல்லா எடுத்தது, இது எடுக்கல" என்று மோட்டாரைக் குறை சொல்லும் இடங்களில் குழாயையும் ஒரு முறை அளந்து பார்க்கலாம்.

தண்ணீருக்குப் பதில் எண்ணெய் என்றால் நிலைமை தலைகீழ். எந்திரங்களில் ஊற்றும் 68ஆம் எண் எண்ணெய்க்கு 40 டிகிரியில் ν நீரைவிட ஏறக்குறைய 85 மடங்கு. அதே 50 மில்லிமீட்டர் குழாயில் அதே 2 லிட்டர் எண்ணெய் போனால் ரெனால்ட்ஸ் எண் 750தான். அழகான லாமினார் ஓட்டம், இழப்போ 9 மீட்டர் எண்ணெய்த் தம்பம். லாமினார் என்றால் இழப்பு குறைவு என்று பொதுவாகச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். 85 மடங்கு பாகுநிலைக்கு இழப்பு நான்கு மடங்கு சொச்சம்தான் கூடியிருக்கிறது என்பதையும் கவனியுங்கள். மீதியை நீரின் கலக்கம் ஏற்கெனவே வாங்கிவிட்டது.

மாணவியின் கதைக்கு இன்னும் ஒரு பகுதி பாக்கி இருக்கிறது. ஓட்டம் மாறியதை விளக்கிச் சொன்ன பிறகு அவள் சமாதானமாகி, வாய்பாட்டால் மூன்று புள்ளிகளையும் கணக்கிட்டுக்கொண்டு வந்தாள். முகம் மறுபடியும் வாடியிருந்தது. முதல் புள்ளிக்கு வாய்பாடு 41 மில்லிமீட்டர் என்கிறது, அவள் அளந்தது 33. இரண்டாவதற்கு 82 என்கிறது, அளந்தது 65. மூன்றாவதற்கு மட்டும் 343, அளந்தது 324. அது ஓரளவு பக்கத்தில் இருக்கிறது.

"மெதுவா போறப்ப மேனோமீட்டர் சரியா காட்டல போல சார். வேகமா போனா சரியா காட்டுது."

இந்த இடத்தில் நான் அவளுக்கு உடனே விடை சொல்லவில்லை. பிழை எங்கே இருந்தால் எப்படித் தெரியும் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கச் சொன்னேன். முதல் ஊசித் துளை நுழைவாய்க்கு மிகக் கிட்டே இருந்தால்? லாமினார் ஓட்டத்தில் பரவளைவு முழுதாக உருவாகக் கொஞ்ச தூரம் தேவை. விட்டத்தை ரெனால்ட்ஸ் எண்ணாலும் 0.06ஆலும் பெருக்கினால் கிடைக்கும். இங்கே 2000 என்றால் 48 சென்டிமீட்டர். அந்தத் தூரத்துக்குள் அளந்தால் இழப்பு வாய்பாட்டைவிடக் கூடுதலாக வரும். இவளுக்கு வந்தது குறைவு. தவிர எங்கள் குழாயில் முதல் துளை 60 சென்டிமீட்டர் தள்ளித்தான் இருக்கிறது. ஆக அது இல்லை.

குழாயின் விட்டம் 4 என்று சொல்லியிருப்பது தவறாக இருந்தால்? லாமினாரில் அதே ஓட்டத்துக்கு இழப்பு விட்டத்தின் நான்காம் படியில் மாறும். 3.9 மில்லிமீட்டரை 4 என்று எழுதிவிட்டால் அதிலேயே பத்து சதவீதம் போய்விடும். குழாய்க்குள் நீரை நிரப்பி எடை பார்த்து விட்டத்தைக் கண்டுபிடிக்கச் சொல்வது அதனால்தான். ஆனால் கலங்கிய ஓட்டத்தில் அந்தப் படி இன்னும் அதிகம், 4.75. விட்டத்தில் பிழை இருந்திருந்தால் மூன்றாவது புள்ளியும் அதே அளவு, இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே விலகியிருக்க வேண்டும். அது விலகவில்லை. நிறுத்துக் கடிகாரத்திலோ அளவுக்குழலிலோ கோளாறு என்றாலும் மூன்றாவதே அதிகம் கெட்டிருக்கும், ஏனென்றால் அங்கே நேரம் குறைவு, படியும் அதிகம்.

லாமினாரைப் பெரிதாகவும் கலக்கத்தைச் சிறிதாகவும் பாதிக்கிற ஒன்று இருக்க வேண்டும். வாய்பாடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது ஒன்றே ஒன்றுதான். லாமினார் இழப்பில் ν முழுசாக, ஒன்றாம் படியில் உட்கார்ந்திருக்கிறது. கலங்கிய ஓட்டத்தில் கால் படியில்தான் இருக்கிறது. ν 25 சதவீதம் தவறினால் லாமினார் விடை 25 சதவீதம் தவறும், கலங்கிய ஓட்டத்தின் விடை 6 சதவீதம்தான் தவறும். 33க்கு 41, 324க்கு 343. அச்சாக அப்படியே இருக்கிறது.

"ν எவ்வளவு போட்டேம்மா?"

"புக்ல இருந்ததுதான் சார், பத்தின் மைனஸ் ஆறு."

அது 20 டிகிரி நீருக்கான மதிப்பு.  எங்கள் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து பிற்பகலில் இறங்கும் நீர் அப்படி இருக்காது. ஆய்வக உதவியாளர் அலமாரியிலிருந்து வெப்பமானியை எடுத்துக் கொடுத்தார். அவள் அதை அளவுக்குழலில் நிறுத்தி, பாதரசம் நிற்கும்வரை குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முப்பது, சார்" என்று சொல்லிவிட்டு, நோட்டில் 41ஐ அடித்து 33 என்று எழுதினாள்.